இறுகி நிற்கும் இரண்டு கோடுகள்

(வரைபட முறையில் நேரியல் திட்டமிடல் குறித்து ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



செயல்முறை ஆராய்ச்சிப் பாடத்தின் தொடக்கத்திலேயே வந்து, சில வகுப்புகளில் முடிந்துபோகும் ஒரு பகுதியைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு மாறிகள் கொண்ட நேரியல் திட்டமிடல் கணக்கை வரைபடத்தால் தீர்க்கும் முறை அது. மாணவர் கோடுகளை வரைகிறார், ஏற்புடைய பகுதிக்கு நிழலிடுகிறார், மூலைப்புள்ளிகளை அட்டவணை போடுகிறார், பெரிய எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு விடை என்று எழுதுகிறார். மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆனால் எண் கிடைத்த அந்த இடத்தில் படத்தை மூடிவிடுகிறோம். படம் பேசத் தொடங்குவதே அந்த இடத்தில்தான்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மூலைப்புள்ளியை இரண்டு ஆயத்தொலைவுகளாகப் படிப்பதைவிட, எந்த இரண்டு கட்டுப்பாடுகள் அங்கே ஒருசேர இறுகி நிற்கின்றன என்று படிக்க வேண்டும். அப்படிப் படித்தால், அந்த விடை ஏன் சிறந்தது, எதுவரை சிறந்தது, எதைக் கூட்டினால் இன்னும் மேம்படும் என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்தப் படமே பதில் சொல்லும். ஒரே ஒரு கணக்கை வைத்துக்கொண்டு இதை ஆறு கூறுகளாகப் பார்ப்போம்.

1. கணக்கும் படமும்

கிணற்றுப் பாசனம் உள்ள ஒரு விவசாயியிடம் 10 ஏக்கர் நிலம் இருக்கிறது. இந்தப் பருவத்தில் நெல் x ஏக்கர், நிலக்கடலை y ஏக்கர் போட நினைக்கிறார். எண்களைக் கணக்குக்கு வசதியாக நானே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவற்றின் போக்கு உண்மைக்கு ஒட்டியதுதான்.

முதல் கட்டுப்பாடு நிலம்: x + y ≤ 10.

இரண்டாவது தண்ணீர். ஓர் ஏக்கரில் 100 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீரை ஓர் அலகு என்று கொள்வோம். அது ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர். நெல்லுக்கு ஏக்கருக்கு 12 அலகு, கடலைக்கு 5 அலகு வேண்டும். பருவம் முழுவதற்கும் கிணறு தருவது 85 அலகு. எனவே 12x + 5y ≤ 85.

மூன்றாவது ஆள். நெல்லுக்கு அறுவடை இயந்திரம் வந்துவிட்டதால் ஏக்கருக்கு 20 ஆள் போதும். கடலைக்குக் களை எடுக்க, செடி பிடுங்க, காய் ஆய என்று 40 ஆள் வேண்டும். பருவம் முழுவதும் கிடைப்பது 360 ஆள். 20 ஆளை ஒரு பங்கு என்று கொண்டு, 20x + 40y ≤ 360 என்பதை 20-ஆல் வகுத்தால் x + 2y ≤ 18.

இவற்றோடு x ≥ 0, y ≥ 0. கூலி உட்பட எல்லாச் செலவும் போக நெல்லில் ஏக்கருக்கு 15 ஆயிரம் ரூபாயும் கடலையில் 20 ஆயிரம் ரூபாயும் மிஞ்சும் என்றால், பெருமமாக்க வேண்டிய குறிக்கோள் சார்பு z = 15x + 20y. இதன் அலகு ஆயிரம் ரூபாய்.

ஒவ்வொரு கட்டுப்பாடும் தளத்தை இரண்டாகப் பிரிக்கும் ஒரு நேர்க்கோடு. எந்தப் பக்கம் ஏற்புடையது என்று பார்க்க, கோட்டின் மேல் இல்லாத ஒரு புள்ளியைப் போட்டுப் பார்த்தால் போதும். இங்கே (0, 0) மூன்றையும் நிறைவு செய்கிறது. ஆகவே மூன்று கோடுகளுக்கும் ஆதிப்புள்ளி இருக்கும் பக்கமே நம் பக்கம். எல்லாப் பக்கங்களும் ஒன்றுசேரும் இடம் ஓர் ஐங்கோணம். அதன் மூலைகள் (0, 0), (7.08, 0), (5, 5), (2, 8), (0, 9). குறிக்கோள் சார்பின் மதிப்புகள் இதே வரிசையில் 0, 106.25, 175, 190, 180. ஆக விடை நெல் 2 ஏக்கர், கடலை 8 ஏக்கர், மிச்சம் 1,90,000 ரூபாய்.

வழக்கமாக இங்கேதான் புத்தகத்தை மூடுகிறோம். நாம் தொடர்வோம்.

2. ஏன் மூலையில்?

பகுதிக்குள் எண்ணற்ற புள்ளிகள் இருக்கும்போது ஐந்தே ஐந்தை மட்டும் பார்த்தால் போதும் என்று எந்தத் துணிச்சலில் சொல்கிறோம்? நடந்து பார்த்தால் தெரியும்.

(3, 4) என்ற புள்ளியில் நில்லுங்கள். 7 ஏக்கர்தான் பயிராகிறது. தண்ணீர் 56 அலகு, ஆள் 11 பங்கு. எல்லாமே மிச்சம் இருக்கிறது. எதையாவது கூட்டினால் இலாபம் கூடும். எனவே உள்ளே இருக்கும் எந்தப் புள்ளியும் சிறந்ததாக இருக்க முடியாது.

இப்போது நிலக்கோட்டைத் தொட்டு, (4, 6) என்ற புள்ளிக்கு வாருங்கள். மதிப்பு 180. நிலம் தீர்ந்துவிட்டது, இனி இரண்டையும் கூட்ட முடியாது. ஆனால் ஒன்றைக் குறைத்து மற்றதைக் கூட்டலாம். ஓர் ஏக்கர் நெல்லை விட்டுக் கடலை போட்டால் 15 போய் 20 வரும். நிகர வரவு 5. ஓர் ஏக்கருக்கு 5 வரும் என்றால் அடுத்த ஏக்கருக்கும் அதே 5 வரும், ஏனென்றால் சார்பு நேரியல். ஆகவே நடுவழியில் நிற்க ஒரு காரணமும் இல்லை. நம்மை நிறுத்தக்கூடியது இன்னொரு கட்டுப்பாடு மட்டும்தான். (4, 6)-இல் ஆள் 16 பங்கு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பங்கு கூடுகிறது. இரண்டு ஏக்கர் மாற்றியதும் 18 ஆகிவிடுகிறது, அங்கே நிற்கிறோம். அந்த இடம்தான் (2, 8).

விளிம்பின் வழியே நகரும்போது இலாபம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றால்? அப்போது விளிம்பு முழுதும் ஒரே மதிப்பு. அதன் முனையிலும் அதே மதிப்புதான். எனவே மூலைகளை மட்டும் பார்ப்பவர் எதையும் இழப்பதில்லை.

இன்னொரு கேள்வி மிஞ்சுகிறது. (2, 8)-இல் நின்ற பிறகு, தொலைவில் வேறொரு மூலை இதைவிட உயர்ந்ததாக இருந்துவிடாதா? இருக்காது. அண்டை மூலைகள் இரண்டான (5, 5)-உம் (0, 9)-உம் முறையே 175, 180 என்று 190-க்குக் கீழே இறங்குகின்றன. ஏற்புடைய பகுதி ஒரு குவி கணம், அதாவது எங்கும் உள்வாங்காத வடிவம். அதனால் இரு பக்கத்து விளிம்பும் இறக்கமாக இருந்தால் பகுதி முழுவதும் அந்த மூலையைவிட உயர முடியாது. அண்டை மூலைகள் இரண்டை மட்டும் பார்த்துவிட்டு நிற்கலாம் என்ற இந்த உரிமைதான் பின்னால் சிம்ப்ளெக்ஸ் முறைக்கு அடித்தளமாகிறது.

3. வெட்டுப்புள்ளி எல்லாம் மூலை ஆகாது

விடைத்தாள் திருத்தும் எவரும் கண்டிருக்கும் பிழை ஒன்று உண்டு. தண்ணீர்க் கோட்டையும் ஆள் கோட்டையும் சமன்பாடுகளாக எழுதித் தீர்த்தால் x = 4.21, y = 6.89 என்று வரும். மதிப்பு 201.05. மாணவர் மகிழ்ச்சியோடு இதைத் தேர்ந்தெடுக்கிறார், 190-ஐவிடப் பெரியதல்லவா! ஆனால் x-ஐயும் y-ஐயும் கூட்டிப் பாருங்கள், 11.1 ஏக்கர் ஆகிறது. கையில் இருப்பதோ 10 ஏக்கர்.

மூன்று கட்டுப்பாட்டுக் கோடுகளும் இரண்டு அச்சுகளும் சேர்ந்து ஐந்து கோடுகள். இரண்டிரண்டாக எடுத்தால் 10 வெட்டுப்புள்ளிகள் கிடைக்கின்றன. அவற்றில் ஐந்து மட்டுமே ஏற்புடையவை. இயற்கணிதம் பத்தையும் ஒரே முகத்தோடு தரும். எது மூலை என்று பிரித்துக் காட்டுவது மீதமுள்ள கட்டுப்பாடுகள்தான். எனவே ஒவ்வொரு வெட்டுப்புள்ளியையும் அதை உண்டாக்காத மற்ற எல்லாக் கட்டுப்பாடுகளிலும் போட்டுப் பார்ப்பது கட்டாயம். படம் கையால் வரைந்ததாக இருந்தால் இது இன்னும் முக்கியம். பென்சில் கோட்டின் தடிமனுக்குள் ஒரு தவறான மூலை ஒளிந்துகொள்ள முடியும். படத்திலிருந்து எந்தக் கோடுகள் வெட்டுகின்றன என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆயத்தொலைவுகளைச் சமன்பாடு தீர்த்தே எழுதுங்கள்.

(4.21, 6.89) என்ற இந்தப் புள்ளியை நினைவில் வையுங்கள். இதற்கும் ஒரு வேளை வரும்.

4. சாய்வு மாறினால் மூலை மாறுமா?

குறிக்கோள் சார்பையும் ஒரு கோடாக வரையலாம். z = 60 என்று எடுத்தால் (4, 0), (0, 3) வழியாகப் போகும் கோடு. z = 120 என்றால் அதற்கு இணையாக (8, 0), (0, 6) வழியாக. மூலைமட்டத்தை அளவுகோலோடு சேர்த்து, ஆதிப்புள்ளியிலிருந்து விலகும் திசையில் நகர்த்திக்கொண்டே போனால், பகுதியை விட்டு நீங்கும் முன் கடைசியாகத் தொடும் இடம் (2, 8).

இதில் கவனிக்க வேண்டியது சாய்வு. இலாபக் கோட்டின் சாய்வு, குறியை விட்டுவிட்டால், 15/20, அதாவது 0.75. (2, 8)-இல் சந்திக்கும் நிலக்கோட்டின் சாய்வு 1, ஆள் கோட்டின் சாய்வு 0.5. இலாபக் கோடு இந்த இரண்டுக்கும் இடையில் சாய்ந்திருக்கும் வரை கடைசியாகத் தொடும் மூலை (2, 8) தான்.

இதை விவசாயியின் கணக்கில் சொன்னால்: கடலையில் 20 ஆயிரம் நிலையாக இருக்கும்போது, நெல்லின் மிச்சம் 10 ஆயிரத்துக்கும் 20 ஆயிரத்துக்கும் இடையில் எங்கு இருந்தாலும் அவர் போட வேண்டிய பயிர் மாறுவதில்லை. கையில் வரும் பணம் மாறும், முடிவு மாறாது. நெல்லின் மிச்சத்தை 14 என்றோ 16 என்றோ துல்லியமாகக் கணிக்க அவர் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

மிச்சம் சரியாக 20 ஆனால் இலாபக் கோடு நிலக்கோட்டோடு ஒன்றிப்போகிறது. (2, 8) முதல் (5, 5) வரை விளிம்பு முழுவதும் 200 என்ற ஒரே மதிப்பு. இது மாற்று உகந்த தீர்வு. அப்போது எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கணக்குக்கு வெளியே உள்ள காரணங்கள் தீர்மானிக்கலாம், வீட்டுக்கு வேண்டிய நெல் எவ்வளவு என்பதைப் போல. 20-ஐத் தாண்டினால் விடை ஒரேயடியாக (5, 5)-க்குத் தாவுகிறது. பிறகு 48 வரை அங்கேயே நிற்கிறது. 10-க்குக் கீழே போனால் (0, 9), நெல்லே வேண்டாம்.

மெல்ல மாறும் விலைக்கு முடிவு மெல்ல மாறுவதில்லை. நெடுநேரம் அசையாமல் இருந்து, பிறகு தாவுகிறது. விலை அந்தத் தாவும் எல்லைக்கு அருகில் இருக்கிறதா என்பதுதான் விசாரிக்க வேண்டியது.

5. இறுகி நிற்பவற்றின் விலை

(2, 8)-இல் நிலம் முழுதும் தீர்ந்தது, ஆள் முழுதும் தீர்ந்தது. தண்ணீரோ 24 + 40 = 64 அலகுதான் செலவு, 21 அலகு மிச்சம். ஆக இந்த மூலையின் உண்மையான பெயர் ‘நிலமும் ஆளும்’. பக்கத்து ஊர்க்காரர் 1 ஏக்கரைக் குத்தகைக்குத் தருவதாகச் சொன்னால் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம்?

பெயர் தெரிந்திருப்பதால் கேள்வி எளிது. அதே இரண்டு கோடுகள், நிலம் மட்டும் 11. x + y = 11, x + 2y = 18 என்று தீர்த்தால் x = 4, y = 7. மதிப்பு 200. கூடியது 10. எனவே அந்த ஓர் ஏக்கருக்குக் குத்தகையாக 10 ஆயிரம் வரை கொடுக்கலாம். கடலையில் ஏக்கருக்கு 20 ஆயிரம் மிஞ்சுகிறது, எனவே 20 ஆயிரம் வரை கொடுக்கலாம் என்று சொல்பவர் ஏமாறுவார். புது நிலத்துக்கு வேண்டிய ஆளைப் பழைய நிலத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் கடலை 8-லிருந்து 7-ஆகக் குறைந்து நெல் 2-லிருந்து 4-ஆகக் கூடுகிறது.

ஆள் ஒரு பங்கு, அதாவது 20 ஆள் கூடினால் x + 2y = 19. தீர்த்தால் (1, 9), மதிப்பு 195. கூடியது 5 ஆயிரம், ஓர் ஆளுக்கு 250 ரூபாய். கூலியை ஏற்கெனவே கழித்துவிட்டோம். ஆகவே வழக்கமான கூலிக்கு மேல் 250 ரூபாய் வரை கூட்டிக் கொடுத்து வெளியூர் ஆளைக் கூப்பிடலாம். தண்ணீர் ஓர் அலகு கூடினால் ஒன்றும் வராது. இவைதான் நிழல் விலைகள்: நிலத்துக்கு 10, ஆள் பங்குக்கு 5, தண்ணீருக்கு 0.

இந்த 10-ஐயும் 5-ஐயும் வைத்து ஓர் அழகான சரிபார்ப்பு செய்யலாம். நிலக் கட்டுப்பாட்டை 10-ஆலும் ஆள் கட்டுப்பாட்டை 5-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள்:

10(x + y) + 5(x + 2y) ≤ 10·10 + 5·18

இடப்பக்கம் சரியாக 15x + 20y. வலப்பக்கம் 190. ஆக எந்த ஏற்புடைய புள்ளியிலும் இலாபம் 190-ஐத் தாண்டாது. படமும் வேண்டாம், மூலை அட்டவணையும் வேண்டாம், ஒரே வரியில் நிரூபணம். அந்த வரியில் இடம்பெற்றவை இறுகி நின்ற அதே இரண்டு கட்டுப்பாடுகள் மட்டுமே என்பதைக் கவனியுங்கள்.

நிலத்தின் 10 ஆயிரம் எதுவரை செல்லும்? நிலத்தைக் கூட்டக் கூட்ட நெல் பெருகி, மிச்சமிருந்த தண்ணீர் கரைகிறது. 11-ஆவது ஏக்கரில் 83 அலகு செலவாகிவிட்டது. ஏறக்குறைய 11.1 ஏக்கரில் தண்ணீரும் தீர்ந்துபோகிறது. அந்தப் புள்ளி எது தெரியுமா? (4.21, 6.89). மூன்றாம் கூறில் பகுதிக்கு வெளியே என்று ஒதுக்கிய அதே புள்ளி இப்போது மூலையாகிறது, மதிப்பு 201.05. அதற்கு மேல் எவ்வளவு நிலம் வந்தாலும் விலை பூஜ்யம். மூலையின் பெயர் ‘தண்ணீரும் ஆளும்’ என்று மாறிவிட்டது.

6. படம் எங்கே ஏமாற்றும்?

முதலில், பகுதியே இல்லாமல் போகலாம். 8 ஏக்கர் நெல் போட்டே தீர வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்தால் 96 அலகு தண்ணீர் வேண்டும், இருப்பது 85. ஏற்புடைய பகுதி வெற்றுக் கணம். அதுவும் ஒரு விடைதான். எந்த இரண்டு நிபந்தனைகள் ஒன்றையொன்று மறுக்கின்றன என்று அது சொல்கிறது. ஒப்பந்தம் 6 ஏக்கர் என்றால் பகுதி உண்டு. உகந்த மூலை (6, 2.6), மதிப்பு 142. இப்போது இறுகியவை ஒப்பந்தமும் தண்ணீரும். 1.4 ஏக்கர் நிலம் தரிசாகக் கிடக்கிறது. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் விலை 48 ஆயிரம் என்று படம் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, எல்லையற்ற பகுதி. பெருமக் கணக்கில் இலாபம் முடிவில்லாமல் கூடினால் ஏதோ ஒரு கட்டுப்பாட்டை எழுத மறந்திருக்கிறோம். ஆனால் பகுதி எல்லையற்றது என்பதாலேயே தீர்வு இல்லை என்று எழுதிவிடக் கூடாது. மாட்டுத் தீவனக் கலவையில் குறைந்தபட்சச் சத்து இவ்வளவு வேண்டும் என்ற சிறுமக் கணக்குகளில் பகுதி மேல்நோக்கித் திறந்தே இருக்கும். செலவுக் கோடு கீழிருந்து தொடும் மூலையில் தீர்வு உறுதியாகக் கிடைக்கும்.

மூன்றாவதுதான் நடைமுறையில் ஆபத்தானது. தண்ணீர் 21 அலகு மிச்சம் என்று சொன்னோம். அது பருவம் முழுவதற்குமான கூட்டுத்தொகை. பயிர் பூக்கும் வாரங்களில் கிணறு ஊறும் வேகத்தைவிட அதிகம் இறைக்க வேண்டியிருந்தால், மொத்தத்தில் மிச்சம் இருந்தும் அந்த வாரம் பயிர் வாடும். நாம் எழுதிய ஒரே தண்ணீர்க் கட்டுப்பாட்டுக்குள் பல வாரக் கட்டுப்பாடுகள் மறைந்துவிட்டன. கட்டுப்பாட்டை வார வாரியாகப் பிரித்து எழுதிப் பார்த்து, உகந்த மூலையின் பெயர் மாறுகிறதா என்று சோதிப்பதுதான் இதைக் கண்டுபிடிக்கும் வழி. ஒரு வளத்தின் நிழல் விலை பூஜ்யம் என்று வந்ததும் அது தாராளமாக இருக்கிறது என்று முடிவு கட்டாமல், அந்த வரியை எழுதிய விதத்தை முதலில் சந்தேகியுங்கள்.

கடைசியாக, இரண்டு மாறிகள் என்ற எல்லை. மூன்றாவது பயிர் வந்தால் பகுதி ஒரு பன்முகத்திண்மம் ஆகிறது. அதற்கு மேல் வரையவே முடியாது. மூலைகளை அட்டவணை போடும் வழியும் அங்கே உடைந்துபோகும். 20 மாறிகள் ஒவ்வொன்றும் 0-க்கும் 1-க்கும் இடையில் என்ற எளிய பகுதிக்கே 10,48,576 மூலைகள். ஜார்ஜ் டான்சிக் 1947-இல் வகுத்த சிம்ப்ளெக்ஸ் முறை எல்லா மூலைகளையும் எண்ணுவதில்லை. ஒரு மூலையிலிருந்து விளிம்பு வழியே உயர்ந்த அண்டை மூலைக்குப் போகிறது, எல்லா அண்டை மூலைகளும் இறக்கமானால் நிற்கிறது. (4, 6)-இலிருந்து (2, 8)-க்கு நாம் நடந்த நடையும் அங்கே நின்ற காரணமும் இவையே. சிம்ப்ளெக்ஸ் அட்டவணையில் அடிப்படை மாறிகள் என்று ஒரு நிரல் இருக்கும். ஒரு கட்டுப்பாட்டின் மிச்சத்தைக் குறிக்கும் மாறி அந்த நிரலில் இல்லையென்றால் அந்தக் கட்டுப்பாடு இறுகி நிற்கிறது என்று பொருள். மூலையின் பெயரை அங்கேயும் படிக்கலாம். படம் இல்லாத இடத்தில் நமக்குத் துணையாக வருவது அந்தப் பெயர்தான்.

ஆகவே ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வரைபட முறைக் கணக்கு கொடுக்கும்போது x, y, z என்ற மூன்று எண்களோடு மேலும் மூன்று வரிகளை விடையாகக் கேளுங்கள்: இறுகி நிற்கும் கட்டுப்பாடுகள் எவை, இலாப விகிதம் எந்த எல்லை வரை மாறினால் விடை மாறாது, இறுகிய ஒவ்வொன்றிலும் ஓர் அலகு கூடினால் எவ்வளவு கிடைக்கும். நம் கணக்கில் அந்த வரிகள் இவை: நிலமும் ஆளும், 0.5 முதல் 1 வரை. நிலத்துக்கு 10 ஆயிரம், 20 ஆளுக்கு 5 ஆயிரம். இவற்றை எழுதத் தெரிந்த மாணவர், உணர்திறன் பகுப்பாய்வும் இருமைக் கோட்பாடும் பின்னால் வரும்போது அவற்றை ஏற்கெனவே பார்த்தவராக இருப்பார்.